"போட்டோல வேற கலர், நேர்ல வேற கலர்": ரிட்டர்ன் வந்த சேலைகளும் ஒரு சாம்பல் கட்டமும்

சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு ஆன்லைன் வியாபாரமும் பண்றவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. லாபக் கணக்கு, ஜிஎஸ்டி, கூரியர் செலவு எல்லாம் ஏற்கெனவே பேசியாச்சு. இன்னைக்குப் பேசப் போறது, கணக்கு நோட்டுல வராத ஒரு ஓட்டையைப் பத்தி. போட்டோவுல கலர் தப்பா விழறதால போற காசு.

எங்க சித்தி பொண்ணு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்குறா. வீடு சாமல்பட்டி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிச்சு, கிருஷ்ணகிரி வந்து பஸ் மாறி, வீடு போய்ச் சேர ராத்திரி ஆயிடும். சேலம் பக்கத்துல இருக்கிற இளம்பிள்ளையில சேலை எடுத்து, இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப்லயும் விக்கிறா. வாரத்துல அவளுக்குக் கிடைக்கிறது அந்த ஒரு ராத்திரிதான். அதனால போட்டோ எல்லாம் வராண்டாவுல, பல்பு வெளிச்சத்துல.

ஒரு நாள் போன் பண்ணி, "அண்ணா, 45,000 ரூபாய்க்கு ஒரு டிஎஸ்எல்ஆர் இஎம்ஐ-ல எடுக்கலாம்னு இருக்கேன். என் போன்ல கலர் சரியா வர மாட்டேங்குது, சேலை திரும்பி வருது"ன்னா. வாங்குறதுக்கு முன்னாடி கணக்கை அனுப்பச் சொன்னேன். இதுதான் அந்த மாசக் கணக்கு.

ஒரு சேலை வாங்குற விலை 560. விக்கிற விலை 850. கூரியர் 70, பேக்கிங் 15. கையில நிக்கிறது 205. அந்த மாசம் 30 பார்சல் போச்சு, 5 திரும்பி வந்துச்சு. அதுல நாலு பேர் சொன்ன காரணம் ஒண்ணேதான்: "கலர் வேற மாதிரி இருக்கு."

நின்ன 25 சேலையில லாபம் 5,125. திரும்பி வந்த ஒவ்வொண்ணுக்கும் போற கூரியர் 70, வர்ற கூரியர் 70, பேக்கிங் 15. பிரிச்சு மடிச்ச சேலையை அடுத்து 750-க்குத்தான் தள்ள முடிஞ்சுது, அதுல ஒரு 100. ஆக ஒரு ரிட்டர்னுக்கு 255 ரூபாய், அஞ்சுக்கு 1,275. மிச்சம் 3,850. இந்த 3,850-ல இருந்து கேமரா இஎம்ஐ கட்டணும்னா, 18 மாசத்துக்கு வட்டியே இல்லைன்னு வெச்சாலும் மாசம் 2,500. ஒண்ணரை வருஷம் வாரக்கடைசியைத் தொலைச்சு, மாசம் 1,350 ரூபாய் பார்க்கணும்.

சரி, அந்தக் கேமரா வாங்கினா கலர் சரியாயிடுமா? ஆகாது. அதே வராண்டா, அதே பல்பு, அதே ஆட்டோ செட்டிங்ல எடுத்தா அதே மாதிரி தப்பைத்தான் இன்னும் தெளிவா எடுத்துக் கொடுக்கும்.

கேமராவுக்கு ஏன் கலர் தெரியாது

நம்ம கண்ணு ஒரு வேலை பண்ணும். மஞ்சள் பல்பு போட்ட ரூம்ல வெள்ளை வேட்டியைப் பார்த்தாலும் மூளை அதை வெள்ளைன்னுதான் சொல்லும். வெளிச்சத்தோட நிறத்தைக் கழிச்சுட்டுப் பார்க்க அதுக்குப் பழக்கம். போன் கேமராவுக்கு அது தெரியாது. வர்ற வெளிச்சத்தை சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்ணா எடுத்துக்கும். அப்புறம், "இந்தப் படத்துல வெள்ளை எதுவா இருக்கும்?"னு ஒரு ஊகம் பண்ணி எல்லாத்தையும் மாத்தும். இதுக்குப் பேருதான் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்.

ஊகம்னு வேணும்னேதான் சொல்றேன். ஃபிரேம் முழுக்க ஒரு சிவப்புச் சேலையை விரிச்சா, "என்னடா எல்லாமே சிவப்பா இருக்கு, வெளிச்சமே சிவப்பு போல"ன்னு போன் நினைச்சுக்க வாய்ப்பு இருக்கு. அப்போ சிவப்பைக் குறைச்சுடும். அடுத்த போட்டோவுல சேலைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைச் சுவர் வந்தா ஊகமும் மாறும். ஒரே சேலைக்கு ரெண்டு போட்டோவுல ரெண்டு கலர் விழறது இதனாலதான்.

ஆக, ஊகம் பண்ண வேண்டிய அவசியமே இல்லாம பண்ணணும். நிறம் என்னன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒரு பொருளை அதே வெளிச்சத்துல, அதே ஃபிரேம்ல வெச்சுட்டா போதும். "இது சாம்பல்தான், எனக்குத் தெரியும். நீ இதை ஆரஞ்சா காட்டுற. அந்த வித்தியாசத்தைப் படம் முழுக்கக் கழி"ன்னு சொல்லிடலாம். கலர் கார்டோட மொத்த வேலையும் இதுதான்.

இந்த ஐடியா புதுசு இல்லை. இப்பவும் உலகம் முழுக்க எல்லாரும் அடையாளம் வெச்சிருக்கிற 24 கட்டம் போட்ட "கலர்செக்கர்" அட்டை 1976-லயே வந்துடுச்சு. நாலு வரிசை, ஒவ்வொண்ணுலயும் ஆறு கட்டம். மேல மூணு வரிசையில மனுஷத் தோல், இலை, வானம் மாதிரி இயற்கை நிறங்களும், சிவப்பு, பச்சை, நீலம் மாதிரி பளிச் நிறங்களும். கடைசி வரிசை மட்டும் வெள்ளையில ஆரம்பிச்சு நாலு சாம்பல் படியா இறங்கி கறுப்புல முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் என்னன்னு வெளிப்படையாவே தெரியும். உதாரணமா, கடைசி வரிசையில இடமிருந்து நாலாவது சாம்பலுக்கு, சாதாரண ஸ்கிரீன் கணக்குல மூணு எண்ணும் ஏறக்குறைய 122. சிவப்புக் கட்டம் ஏறக்குறைய 175, 54, 60. இந்த ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

ஒரு அரக்குச் சேலை

ஊத்தங்கரையில கல்யாணப் போட்டோ எடுக்குற ஒரு அண்ணன்கிட்ட அந்த 24 கட்ட அட்டை இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இரவல் வாங்கினோம். ஏன் இரவல்னா, அசல் அட்டை பல ஆயிரம் ரூபாய். அவ நிலைமையில 20-க்கும் மேல ரிட்டர்ன் தவிர்த்தாத்தான் அந்தக் காசு திரும்பும். முதல்ல வேலைக்கு ஆகுதான்னு பார்ப்போம்னு நினைச்சோம்.

அதிகமா திரும்பி வந்த சேலை ஒரு அரக்கு. போட்டோவுல அது செங்கல் சிவப்பா இருந்துச்சு. அதையே முந்தின நாள் ராத்திரி எடுத்த மாதிரி அதே பல்புல, அதே இடத்துல விரிச்சோம். இந்தத் தடவை அட்டையைச் சேலை மேலயே படுக்க வெச்சு ஒரு போட்டோ. அதை லேப்டாப்ல GIMP-ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல திறந்து, கலர் பிக்கரை அந்தச் சாம்பல் கட்டத்துல வெச்சோம். (சொந்த லேப்டாப். ஆபீஸ் லேப்டாப்ல சைடு வியாபார வேலை பார்க்காதீங்க. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னும் ஒருதடவை படிச்சுடுங்க.)

வந்த எண்கள் இவை:

சாம்பல் கட்டம்: R 171, G 150, B 118
சேலை: R 150, G 48, B 44

சாம்பல்னா மூணும் சமமா இருக்கணும். இங்க சிவப்பு ஏறியிருக்கு, நீலம் இறங்கியிருக்கு. பல்போட மஞ்சளைப் போன் பாதிதான் கழிச்சிருக்கு. பச்சையை அப்படியே வெச்சுட்டு மத்த ரெண்டையும் அதுக்குச் சமமாக்கணும். சிவப்பை 150/171, அதாவது 0.88-ஆல பெருக்கணும். நீலத்தை 150/118, அதாவது 1.27-ஆல பெருக்கணும். சேலைக்கும் இதையே பண்ணா R 132, G 48, B 56 வருது. நீலம் கூடினதும் செங்கல் போய் அரக்கு எட்டிப் பார்க்குது.

ஆனா இன்னும் நேர்ல இருக்கிறதை விட வெளிறித்தான் இருந்துச்சு. எதனாலன்னு அட்டையே சொல்லுது. அந்தச் சாம்பல் 122 இருக்கணும், நம்ம படத்துல 150. அடர் நிறச் சேலை ஃபிரேமை நிரப்பினதும் "இருட்டா இருக்கு"ன்னு போன் படத்தை வெளுப்பாக்கி வெச்சிருக்கு. 122/150, அதாவது 0.81-ஆல மூணையும் குறைச்சா சேலை R 107, G 39, B 45. ஸ்கிரீன்ல பார்த்ததும் சித்தி பின்னாடி நின்னுகிட்டு, "இதுதான்டா அந்தச் சேலை"ன்னாங்க.

கலர் தப்புன்னு வாடிக்கையாளர் சொன்னதுக்குள்ள ரெண்டு தப்பு ஒளிஞ்சிருந்துச்சு பாருங்க. ஒண்ணு மஞ்சள், இன்னொண்ணு வெளுப்பு. கண்ணால பார்த்து ஸ்லைடரை இழுத்து சரி பண்றவங்க பெரும்பாலும் முதல் தப்பை மட்டும் சரி பண்ணிட்டு, ரெண்டாவதுக்கும் சேர்த்துக் கலரை ஏத்துவாங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது.

தினமும் இந்தப் பெருக்கல் எல்லாம் நீங்க போட வேண்டியதில்லை. என்ன நடக்குதுன்னு புரியத்தான் சொன்னேன். GIMP-ல `Colors` மெனுவுல `Levels` திறந்தா, சாம்பல் புள்ளியை எடுக்குற ஒரு சொட்டுக்குழாய் இருக்கும். அதை வெச்சுச் சாம்பல் கட்டத்தைத் தொட்டா முதல் தப்பு போயிடும். போன்லயே முடிக்கணும்னா Snapseed-ல `White Balance`-க்குள்ள ஒரு சொட்டுக்குழாய் இருக்கு, அதுவும் இதே வேலை. வெளுப்பை மட்டும் தனியா பிரைட்னஸ்ல குறைச்சுக்கணும்.

ஒரு கார்டு போட்டோ, பத்து சேலை

எல்லா போட்டோவுலயும் கார்டு தெரிஞ்சா பார்க்கவே நல்லா இருக்காது. அவசியமும் இல்லை. ஒரே வெளிச்சத்துல, ஒரே செட்டிங்ல எடுக்குற வரைக்கும் ஒரு கார்டு போட்டோ போதும். அதுல கிடைச்ச திருத்தத்தை மத்ததுக்கும் போட்டுக்கலாம். Lightroom போன் ஆப்ல ஒரு படத்தோட செட்டிங்கை காப்பி பண்ணி அடுத்த படத்துல பேஸ்ட் பண்ண வசதி இருக்கு.

இங்கதான் நாங்க முதல்ல மண்ணைக் கவ்வினோம். கார்டு இருந்த போட்டோ அருமையா வந்துச்சு. அதே திருத்தத்தை அடுத்த சேலைக்குப் போட்டா நீலம் பூத்துப் போச்சு. காரணம், போன் ஆட்டோவுலயே இருந்துச்சு. கார்டை எடுத்ததும் அது புதுசா ஊகம் பண்ணி வேற ஒயிட் பேலன்ஸ் வெச்சுக்கிச்சு. பழைய தப்புக்கான மருந்தைப் புதுத் தப்புக்குக் கொடுத்த கதை.

அதனால ஆட்டோவை நிறுத்தணும். போன் கேமராவுல `Pro` மோடு இருந்தா அதுக்குள்ள போய் `WB`-ஐ ஏதாவது ஒரு எண்ணுல, 5000K-ன்னே வெச்சுக்கோங்க, நிறுத்திடுங்க. அந்த எண் சரியா தப்பாங்கிறது முக்கியமே இல்லை. தப்பா இருந்தா கார்டு திருத்திக்கும். எல்லாப் படத்துலயும் ஒரே தப்பா இருக்கணும், அவ்வளவுதான். அதே மாதிரி ISO-வையும் ஷட்டரையும் நிறுத்திடணும். கார்டோட வெள்ளைக் கட்டம் 255-ஐத் தொடாத அளவுக்கு வெளிச்சத்தை வெச்சுக்கணும்.

255 ஏன் ஆகாதுன்னா, எண் அதுக்கு மேல போக முடியாது. சிவப்பு 255-ல முட்டி நிக்கும்போது உண்மையில அது எவ்வளவு ஏறியிருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. விகிதம் கெட்டுப் போச்சுன்னா திருத்தமும் கெட்டுப் போச்சு. சொட்டுக்குழாயை வெள்ளையில வைக்காம சாம்பல்ல வைக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

"வெள்ளைத் தாள் போதாதா?"ன்னு கேட்பீங்க. ஜெராக்ஸ் தாள்ல இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. துணிக்கு நீலம் போடுற மாதிரி, தாள் பளிச்னு தெரிய ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க. வெயில் பட்டா அது நீலமா மின்னும். அதை வெள்ளைன்னு நம்பித் திருத்தினா படம் மஞ்சளாயிடும். கடையில சாம்பலா பிரின்ட் எடுத்து ஒட்டினாலும் அது சுத்த சாம்பலா இருக்காது. ஒரு பல்புல சாம்பலா தெரியும், இன்னொரு பல்புல லேசா பச்சையடிக்கும்.

அப்புறம் சாமல்பட்டியில கட்டாயம் வர்ற கேள்வி. பக்கத்து வீட்டு மாமா கிரானைட் பாலிஷ் யூனிட்ல வேலை. "சாம்பல்தானே வேணும், நம்மகிட்ட இல்லாத சாம்பலா?"ன்னு ஒரு துண்டைக் கொண்டு வந்து வெச்சார். கிரானைட்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறம். பாலிஷ் வேற போட்டிருக்கும், அதனால மேல இருக்கிற பல்பே அதுல தெரியும். கார்டுன்னா பளபளப்பு இல்லாம, முழுக்க ஒரே சீரா இருக்கணும். மாமாவுக்கு டீ கொடுத்து அனுப்பிட்டோம். (வீடு கட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை: வாட்ஸ்அப்ல ஸ்லாப் போட்டோ பார்த்து கிரானைட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஷெட்டு லைட்டுல எடுத்த கல்லுக்கும் இதே கதைதான்.)

கார்டை எங்க வைக்கிறது

சேலை எந்த வெளிச்சத்துல இருக்கோ அதே வெளிச்சத்துல, அதே சாய்வுல. சேலை தரையில படுத்திருந்தா கார்டும் படுக்கணும். சேலை கொடியில தொங்கினா கார்டும் அதே மாதிரி நிக்கணும். கையில பிடிச்சு கேமரா பக்கமா சாய்ச்சா வேற பக்கத்து வெளிச்சம் அதுல விழும்.

சித்தி வீட்டு வராண்டாவுக்குப் பச்சை பெயின்ட். கார்டைச் சுவரோரமா வெச்சா ஒரு எண், நடுவுல வெச்சா வேற எண். சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சமும் பச்சைதானே! அதை விட மோசம், பல்பு ஒரு பக்கம், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்னு எடுக்கிறது. சேலையோட ஒரு முனை மஞ்சள், மறு முனை நீலம். ஒரு திருத்தம் ரெண்டுக்கும் பொருந்தாது. இதை எந்த அட்டையாலயும் சரி பண்ண முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு. கார்டை சேலையோட இடது முனையில வெச்சு ஒண்ணு, வலது முனையில வெச்சு ஒண்ணு எடுங்க. ரெண்டுலயும் சாம்பலோட R, G, B விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா நல்லது. இல்லைன்னா ஒரு வெளிச்சத்தை அணைச்சுட்டு மறுபடி எடுங்க. நாங்க கடைசியில பல்பை விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை காலையில வராண்டா வாசல் பக்கம், நேர் வெயில் படாத நிழல்ல எடுத்தோம். பச்சைச் சுவர் மேல ஒரு பழைய வெள்ளை வேட்டி.

சாம்பல் சரி, சிவப்பு சரியில்லைன்னா

சாம்பலைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கக் கூடாது. 24 கட்ட அட்டையோட மத்த கட்டங்கள் இந்த இடத்துக்குத்தான். எங்க அரக்குச் சேலைப் படத்துல திருத்தம் முடிச்சதும், அட்டையோட சிவப்புக் கட்டத்தைப் பார்த்தோம். 175, 54, 60 பக்கத்துல வரணும். அது எந்தப் பக்கம் விலகுதுன்னு பார்த்தா யார் மேல தப்புன்னு தெரிஞ்சுடும்.

சிவப்பு அளவுக்கு மீறி பளிச்னு வந்தா, அது போனோட வேலை. நிறைய போன்கள் படத்தைக் கவர்ச்சியா காட்ட கலரை ஏத்தி வைக்கும். கேமரா செட்டிங்ல அழகுபடுத்துற மோடு எது இருந்தாலும் நிறுத்துங்க. அப்பவும் மிச்சம் இருந்தா, சிவப்புக் கட்டம் அதோட எண்ணுக்குப் பக்கத்துல வர்ற வரைக்கும் `Saturation`-ஐக் கொஞ்சம் குறைங்க.

சிவப்பு மங்கிச் செத்துப் போய் வந்தா, சந்தேகம் பல்பு மேல. விலை குறைஞ்ச எல்இடி பல்புகள் பலதுல அடர் சிவப்பு வெளிச்சமே கம்மி. பல்புல இருந்து வராத நிறத்தைச் சேலை திருப்பி அனுப்ப முடியாது. சாம்பல் கட்டம் அழகா சமமா இருக்கும், அரக்கு மட்டும் காஞ்சு போன மாதிரி இருக்கும். பல்பு அட்டைப் பெட்டியில சிஆர்ஐ-ன்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. 80-ன்னா வீட்டுக்குப் போதும். துணி போட்டோவுக்கு 90-க்கு மேல இருக்கிறதைப் பாருங்க. இல்லைன்னா பகல் வெளிச்சம், அது இலவசம்.

இந்தச் சோதனையை ஒரு தடவை பண்ணி, போனும் வெளிச்சமும் நடந்துக்கிற விதம் தெரிஞ்சுட்டா, வாராவாரம் 24 கட்டம் தேவையில்லை. அண்ணனோட அட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டு, சில நூறு ரூபாய்ல ஒரு சாதாரண சாம்பல் கார்டு வாங்கினோம். ரெண்டு மூணு ரிட்டர்ன் குறைஞ்சாலே அந்தக் காசு திரும்பிடும். புது போன் மாத்தும்போது மட்டும் பெரிய அட்டையை மறுபடி இரவல் கேட்கணும். சாம்பல் கார்டை வெயில்ல போட்டு வைக்காதீங்க, எண்ணெய்க் கையோட தொடாதீங்க. கறை விழுந்தா அதுதான் உங்க புது "சாம்பல்".

திரும்பி வர்றதும் சட்டமும்

"நிறம் லேசாக மாறலாம், ரிட்டர்ன் கிடையாது"ன்னு கீழ ஒரு வரி போட்டா தப்பிச்சுடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-ன்னு ஒண்ணு இருக்கு. ஆன்லைன் சந்தைத் தளங்கள்ல விக்கிறவங்க, விளம்பரத்துல காட்டின தன்மை பொருள்ல இல்லைன்னா திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது, பணத்தையும் மறுக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. விளம்பரம் பொருளோட உண்மையான தன்மைக்குப் பொருந்தி இருக்கணும்னும் சொல்லுது. செங்கல் சிவப்பைக் காட்டி அரக்கை அனுப்பினா, அந்த ஒரு வரியை நம்பி உட்கார முடியாது.

வாங்குறவங்க ஸ்கிரீன் ஒரு பிரச்சனைதான், மறுக்கலை. அவங்க போன்ல ராத்திரி மஞ்சள் மோடு ஓடிக்கிட்டு இருக்கலாம், கலர் ஏத்தி வெச்சிருக்கலாம். அது நம்ம கையில இல்லை. அதனால சேலையோட நிறத்தை எழுத்துலயும் போடச் சொன்னேன். வெறும் "ரெட்" இல்லை. "அரக்கு, குங்குமச் சிவப்பை விட அடர்த்தி." நம்ம ஊர்ல நிறத்துக்குச் சொல்லுக்கா பஞ்சம்? மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லின்னு எழுதினா ஸ்கிரீன் சொல்லாததை அது சொல்லிடும்.

அடுத்த மாசம் 28 பார்சல் போச்சு, ரெண்டு திரும்பி வந்துச்சு. ஒண்ணு ஃபால்ஸ் தையல் பிரச்சனை. இன்னொண்ணு மறுபடியும் கலர். ஒரு மாசக் கணக்கை வெச்சு நான் பெருசா எதுவும் சொல்ல மாட்டேன், தீபாவளி மாசம் பார்த்துட்டுத்தான் நம்புவேன். ஆனா 26 சேலை நின்னதுல 5,330. ரெண்டு ரிட்டர்னுக்கு 510 போக 4,820. பார்சல் குறைஞ்சும் கையில 970 ரூபாய் கூட.

அந்த ஒரு கலர் ரிட்டர்ன் மயில்கழுத்து. அதுல பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். இப்படித் திருப்பினா நீலம், அப்படித் திருப்பினா பச்சை. எங்க போட்டோ தப்பே இல்லை, ஒரு கோணத்துல அது அந்த நிறம்தான். ஆனா அந்தக்கா கட்டிக்கிட்டு நின்ன கோணத்துல வேற நிறம். கார்டு வெளிச்சத்தைத் திருத்தும், ரெண்டு நிறம் இருக்கிற சேலையை ஒரு நிறமாக்காது. ஜரிகைக்கும் அப்படித்தான், அது எதிர்ல இருக்கிறதைத்தான் காட்டும்.

இப்போ மயில்கழுத்து எடுத்தா ரெண்டு பக்கமும் சாய்ச்சு ரெண்டு போட்டோ, கூடவே முந்தானையை மெதுவா திருப்புற பத்து செகண்ட் வீடியோ. கார்டு முதல் ஃபிரேம்ல மட்டும். கேமரா இன்னும் அவ ஷாப்பிங் கார்ட்லயே கிடக்கு.